சிவக்காத மஞ்சள்

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்த கூட்டம் ஊருக்குத் திரும்பியபோது கண்வலியை மட்டும் சங்கரன்கோவிலிலேயே விட்டுவிட்டுப் போனது. அந்த வருஷம் தெருவுக்கு நாலு வீட்டில் சிவந்த கண்ணோடு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர்களுக்கு வந்தால் அது கேலிப் பேச்சு. யாரை யார் பார்த்து ஒட்டிக்கொண்டது என்று ஒருவரையொருவர் சீண்டிக்கொள்ளலாம். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு வந்தால் யாருக்கும் சிரிப்பு வராது. வேல்சாமி வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

அந்த வீட்டில் வேல்சாமியின் அக்காள் முருகம்மாள் இருந்தாள். அவளுக்கு இடது கண்ணில் பூ விழுந்திருந்தது. கருவிழி இருக்க வேண்டிய இடத்தில் பால் ஊற்றின மாதிரி ஒரு வெள்ளை. சின்ன வயதில் கண்வலி வந்து, பார்க்க ஆளில்லாமல் போய், அப்படியே நின்றுவிட்ட கண். கல்யாணம் பேச வந்த இரண்டு பேரும் அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்கள் என்பது தெருவுக்கே தெரிந்த கதை. தம்பி வீட்டில் தங்கிவிட்டாள். தம்பி மகள் கோமதித்தாய்தான் அவளுக்கு உலகம். எல்லோரும் கூப்பிடுவது கோமு.

கோமுவுக்கு முதலில் வந்தது சளிதான். மூக்கு ஒழுகி, உடம்பு லேசாகச் சுட்டது. அடுத்த நாள் காலையில் வலது கண் சிவந்து தண்ணீர் தண்ணீராகக் கொட்டியது. அதைப் பார்த்ததும் அவள் அம்மா தங்கத்தாய் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டாள்.

தங்கத்தாய்க்கு வத்தல் மண்டியில் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ள வேண்டும். வேல்சாமிக்கு அங்கேயே எடை போடுகிற வேலை. அவனுக்குத் தும்மலோடு போய்விடும். காம்பு கிள்ளுகிற பெண்களுக்கு எரிச்சல் விரல் நகத்துக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். சோப்புப் போட்டுக் கழுவினாலும் ராத்திரி தெரியாமல் கண்ணைக் கசக்கிவிட்டால் போதும், உயிர் போய்விடும். அதனால் பிள்ளை பிறந்த நாளிலிருந்து அதன் முகத்தைத் தொடுவது என்றாலே அவளுக்குப் பயம். முகம் கழுவி மை இடுவதெல்லாம் முருகம்மாள் பாடு.

"மதினி, என் கைதான் பட்டிருக்கும். நான்தான் என் பிள்ளை கண்ண அவிச்சிட்டேன்," என்று தங்கத்தாய் அழுதாள்.

"ஏட்டி, வாயக் கழுவு. ஊரெல்லாம் கண்வலி கெடக்கு. வத்தலு பட்டா பிள்ள கத்துத கத்துக்கு ரயில்வே டேசன் வரைக்கும் கேக்கும். நீ வேலைக்குப் போ. நான் பாத்துக்கிடுதேன்," என்றாள் முருகம்மாள்.

சொன்ன கையோடு பழைய சேலையில் ஒரு துண்டு கிழித்து, மஞ்சள் அரைத்துக் கரைத்த தண்ணீரில் முக்கி, பிழிந்து, பிள்ளையின் கண்ணைத் துடைத்தாள். கண்வலிக்கு மஞ்சள் துணி என்பது அந்தப் பக்கத்தில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டாத விஷயம். கண்வலிக்காரர்கள் எல்லோர் தோளிலும் ஒரு மஞ்சள் துண்டு கிடக்கும். தனக்கு அன்றைக்கு அப்படித் துடைத்துவிட ஒரு ஆள் இருந்திருந்தால் தன் கண் தப்பியிருக்கும் என்று முருகம்மாள் நாற்பது வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தாள். அந்த நம்பிக்கையை அவள் கையிலிருந்து யார் பிடுங்க முடியும்?

மறுநாள் இடது கண்ணும் சிவந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வந்த தங்கத்தாய் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டாள். பிள்ளையின் இமை மயிர் எல்லாம் மஞ்சள். கண்ணின் ஓரத்திலும் மஞ்சள். கன்னத்தில் ஒரு கோடாக வடிந்து காய்ந்ததும் மஞ்சள்.

அவள் யாரையும் கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக ஸ்டேஷன் ரோட்டில் இருந்த சங்கரநாராயணன் டாக்டர் வீட்டுக்குப் போனாள். கை பிள்ளையின் முகத்தில் பட்டுவிடாமல் இருக்க முந்தானையால் கையைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் கெட்டிக்காரர். வாய்தான் கொஞ்சம் நீளம். கண்வலிக் கூட்டம் வாசல் வரைக்கும் நின்ற நாள் அது. "டாக்டரய்யா, பிள்ளைக்குக் கண்ணுல சீழு வச்சிட்டு," என்று தங்கத்தாய் வரிசையைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது அவருக்கு ஏற்கெனவே பொறுமை தீர்ந்திருந்தது. ஆனாலும் பார்த்தார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு, பஞ்சைக் கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்து, மூக்கு ஓரத்திலிருந்து காது ஓரத்துக்கு ஒரே இழுப்பாகத் துடைத்தார். அந்தப் பஞ்சை எறிந்துவிட்டு வேறு பஞ்சு எடுத்தார். அடுத்த கண்ணுக்கு வேறு. பிறகு பிள்ளையை மடியில் வைத்திருக்கச் சொல்லிவிட்டு, வேறு இரண்டு பேரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

கோமுவின் கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது. தெளிவான தண்ணீர். மஞ்சளைக் காணோம். டாக்டர் பிள்ளையின் காதுக்கு முன்னால் விரலால் தடவினார். அங்கே பயறு அளவுக்கு ஒரு சின்ன நெறி கட்டியிருந்தது.

"கண்ணைத் துடைச்சது எந்தத் துணி?"

"மஞ்சத்துணிய்யா."

டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அப்ப இது சீழ் இல்லை, சாம்பார். ஏம்மா, பிள்ளையின் கண்ணு என்ன கிழங்கா, மஞ்சள் போட்டு வேகவைக்க?" வெளியே நின்ற கூட்டம் சிரித்தது. சிவந்த கண்களில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தது. தங்கத்தாய்க்குப் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

கோபம் ஆறியதும் அவர் நன்றாகத்தான் சொன்னார். "இப்ப வந்திருக்கிறது ஊரில் சுத்துற கண்வலி. சளியோடு வரும், காதுக்கு முன்னால் நெறி கட்டும், தண்ணியாக் கொட்டும், ஒரு கண்ணிலிருந்து அடுத்த கண்ணுக்குப் போகும். இதுக்கு மருந்து கிடையாது. ஒரு வாரம் பத்து நாளில் தானாப் போகும். மருந்தும் வேண்டாம், தாய்ப்பாலும் வேண்டாம், பச்சிலையும் வேண்டாம். கோயில் புற்றுமண்ணை நெத்தியோடு நிறுத்திக்கோ. வெள்ளைத் துணியை வேகவைச்சு, கொதிச்சு ஆறின தண்ணியில் நனைச்சுத் துடை. ஒரு தடவை துடைச்ச துண்டு மறுபடி கண்ணுக்கிட்ட வரக் கூடாது. தொடுறதுக்கு முன்னாலும் பின்னாலும் சோப்புப் போட்டுக் கை கழுவு. பிள்ளையின் துண்டும் தலையணையும் வேற யாருக்கும் வேண்டாம்."

"சீழு வந்தா எப்படித் தெரியும்யா?" வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அவள் கேட்டாள்.

"கெட்டியா வரும். மஞ்சளாவோ பச்சையாவோ வரும். துடைச்சால் போகும், கொஞ்ச நேரத்தில் மறுபடி ஊறி வரும். காலையில் லேசாப் பீளை ஒட்டியிருந்தால் பயப்படாதே, அது இந்தக் கண்வலியிலும் உண்டு. பகலெல்லாம் சீழ் வடிஞ்சாலும், இமை வீங்கினாலும், வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க மாட்டேன்னாலும், கருவிழியில் வெள்ளையா ஏதாவது தெரிஞ்சாலும் உடனே வரணும். சில நேரம் பார்த்த உடனே எனக்கே எதுன்னு சொல்ல முடியாது. ஆனா சாம்பாரைக் கொண்டு வராதே." மறுபடியும் சிரிப்பு.

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் வேகமாக வீட்டுக்கு வந்து சேர்ந்தது. வரிசையில் நின்ற யாரோ தெருவில் சொல்லி, தெரு மண்டிக்குச் சொல்லி, மறுநாள் வேல்சாமியிடம் ஒருவன், "வே, ஒம் மக கண்ணுல சாம்பார் வடியுதாமே, இட்லிக்கு ஆகுமா?" என்று கேட்டான். வேல்சாமி வீட்டுக்கு வந்து கத்தினான்.

"ஏட்டி, நீ அரண்டு அரண்டு எங்க எல்லாரையும் சந்தி சிரிக்க வச்சிட்ட. அக்கா பாக்காள்லா? பெறகு ஒனக்கு என்ன? இன்னைக்குக் கூலி போயாச்சு. நாளைக்கு வேலைக்கு வா."

முருகம்மாளும் டாக்டர் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டாள். சரி சரி என்று தலையாட்டினாள். தங்கத்தாய் இருந்த நேரத்தில் வெள்ளைத் துணியால்தான் துடைத்தாள். அவள் மண்டிக்குப் போன பிறகு கொடியில் கிடந்த மஞ்சள் துணி இறங்கி வந்தது. டாக்டருக்குப் படிப்பு உண்டு, அவருக்கு இரண்டு கண்ணும் உண்டு, என் பயம் அவருக்கு எப்படித் தெரியும் என்பது முருகம்மாளின் கணக்கு. ஒழுகிய மூக்கை அந்தத் துணியால் துடைத்தாள். அதே துணியால் கண்ணைத் துடைத்தாள். வியர்வைக்குக் கழுத்தைத் துடைத்தாள். பிறகு மறுபடியும் கண். துணி காய்ந்தால் மஞ்சள் தண்ணீரில் முக்கிக்கொண்டாள். வஞ்சகம் ஒன்றும் இல்லை, அத்தனையும் பாசம். பாசம் கையைக் கழுவிக்கொண்டு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதலில் கண் சிவப்பு குறைகிற மாதிரிதான் இருந்தது. கோமு சிரித்தாள், சோறு தின்றாள். தங்கத்தாய்க்கும் மூச்சு வந்தது. பிறகு ஒரு நாள் காலையில் பிள்ளை எழுந்து உட்கார்ந்து வீறிட்டது. வலது கண் திறக்கவில்லை. இரண்டு இமையும் பசை போட்டு ஒட்டின மாதிரி இருந்தன. முருகம்மாள் தண்ணீர் விட்டு ஊறவைத்துத் துடைத்தாள். கண் திறந்தது.

"மதினி, மஞ்சளா இருக்கே."

"காலைல வருத பீளைட்டி. டாக்டரு ஒட்டும்னு சொன்னாருல்லா?"

"மஞ்சத்துணியால தொடைக்கிங்களா?"

முருகம்மாள் தலையைத் திருப்பிக்கொண்டாள். "ஒரே ஒரு மட்டம். அதுதான் மஞ்சளா தெரியுது. ஒனக்கு எதப் பாத்தாலும் சீழு. மறுபடி ஓடு, டாக்டரு இந்த மட்டம் ரசம்னு சொல்லுவாரு."

தங்கத்தாய் அன்றைக்கு வேலைக்குப் போனாள். போகக் கூடாது என்று உடம்பு முழுக்கச் சொன்னது. ஆனாலும் போனாள். ஊர் சிரித்த சிரிப்பு அவள் காலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனது. புலி வருது புலி வருது என்று ஒருமுறை கத்தியாகிவிட்டது, இரண்டாவது முறை கத்த வாய் வரவில்லை. மண்டியில் வத்தல் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து காம்பு கிள்ளினாள். ஒவ்வொரு வத்தலும் சிவப்பாக, பிள்ளையின் கண் மாதிரி இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் தூக்குச் சட்டியைத் திறந்தவள் மூடிவிட்டு எழுந்தாள். கங்காணியிடம் வயிற்று வலி என்றாள். வெயிலில் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

கோமு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அம்மா குரல் கேட்டால் கையை நீட்டிக்கொண்டு ஓடி வருகிற பிள்ளை திரும்பவில்லை. தங்கத்தாய் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தாள். வெளிச்சம் விழுந்ததும் பிள்ளை முகத்தைப் பாயில் புதைத்துக்கொண்டு அழுதது. வலது இமை உப்பியிருந்தது. ஓரத்தில் மஞ்சள்.

"தொடச்சு அரை மணிநேரம்தான் ஆகுது," என்றாள் முருகம்மாள். குரலில் பழைய திடம் இல்லை. "மஞ்சத்துணிதான்ட்டி. மஞ்சதான் அது."

தங்கத்தாய் அடுப்பைப் பற்றவைத்தாள். வேல்சாமியின் பழைய வேட்டியில் நல்ல வெள்ளைப் பகுதியாகப் பார்த்துச் சதுரம் சதுரமாகக் கிழித்து, தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டாள். அது கொதித்து ஆறும்வரை முற்றத்தில் உட்கார்ந்து கைகளைத் தேய்த்தாள். முதலில் நல்லெண்ணெய். வத்தல் எரிச்சல் தண்ணீருக்கு மசியாது, எண்ணெய்க்குத்தான் மசியும். பிறகு சோப்பு. மறுபடி எண்ணெய், மறுபடி சோப்பு. நகக்கண்ணை ஈர்க்குச்சியால் சுரண்டினாள். விரலை உதட்டில் வைத்துப் பார்த்தாள். எரிந்தது. திரும்பவும் தேய்த்தாள். எரிச்சல் நின்ற பிறகும் நம்பிக்கை வராமல் இன்னொரு முறை தேய்த்தாள். உதட்டில் வைத்த விரலைக் கடைசியாக ஒருமுறை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தபோது அவள் கை தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தது.

பிள்ளை பிறந்து ஒன்றரை வருஷத்தில் அதன் கண்ணுக்குப் பக்கத்தில் அவள் கை போனது அன்றைக்குத்தான். முருகம்மாள் தலையைப் பிடித்துக்கொண்டாள். தங்கத்தாய் இமையில் ஈரத் துணியை வைத்து ஊறவிட்டு, டாக்டர் இழுத்த மாதிரி மூக்கு ஓரத்திலிருந்து வெளியே இழுத்தாள். முதலில் நோவு குறைந்த இடது கண். அதற்குப் பிறகு வலது. ஒரு துண்டுக்கு ஒரு இழுப்பு. பிள்ளை கத்தவில்லை. தன் கை பிள்ளைக்கு எரியவில்லை என்று தெரிந்ததும் தங்கத்தாய்க்கே அழுகை வந்தது.

வலது கண்ணைத் துடைத்த முதல் துண்டில் மஞ்சள். இரண்டாவதிலும் மஞ்சள். மூன்றாவதில் கொஞ்சம். நாலாவது வெள்ளையாக வந்தது.

"பாத்தியா, போயிட்டு. சீழா இருந்தா போவுமா?" என்றாள் முருகம்மாள்.

"இருங்க மதினி. இனி யாரும் அந்தத் துணியத் தொடப்பிடாது. நானும் பிள்ள முகத்தத் தொடல."

இருவரும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியில் மாட்டு வண்டி ஒன்று போனது. பக்கத்து வீட்டில் யாரோ உரலில் இடித்தார்கள். முருகம்மாள் மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தாள், நரம்பைக் கிள்ளினாள், போட மனமில்லாமல் வைத்துவிட்டாள். கோமுவின் மூக்கோரத்தில், கண் முடிகிற அந்தச் சின்னக் குழியில், எங்கிருந்தோ ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. தண்ணீர் மாதிரி ஓடவில்லை. அங்கேயே நின்று தடித்தது. மஞ்சள்.

தங்கத்தாய் இன்னொரு வெள்ளைத் துண்டில் அதை எடுத்தாள். நூல் மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது.

"இதும் மஞ்சத்துணியில உள்ளதுதானா மதினி?"

முருகம்மாள் வாய் திறக்கவில்லை. திறந்தால் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பாள். அவளுக்கு அப்படிச் சொல்லியாக வேண்டியிருந்தது. இல்லை என்று சொன்னால் அதற்குப் பிறகு அவள் எங்கே போய் நிற்பாள்?

தங்கத்தாயின் கண்ணில் பட்டது முருகம்மாளின் சுண்ணாம்பு டப்பி. பிள்ளையை முருகம்மாள் மடியில் விட்டுவிட்டு, டப்பியையும் துடைத்த துண்டுகளையும் முற்றத்தின் கடைசி மூலைக்குக் கொண்டு போனாள். சுண்ணாம்பு கண்ணுக்கு எமன், அது பிள்ளை பக்கத்தில் வரவே கூடாது. முதலில், கொடியில் கிடந்த மஞ்சள் துணியில் ஒரு பொட்டுச் சுண்ணாம்பைத் தடவினாள். ஆரத்தித் தண்ணீர் மாதிரி செக்கச்செவேல் என்று சிவந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்காமல் என்ன செய்யும்? பொண்ணு மாப்பிள்ளை வாசலில் வந்து நின்றால் எந்த வீட்டிலும் கரைக்கிற தண்ணீர்தானே.

பிறகு முதலில் துடைத்த துண்டில் தடவினாள். ஓரங்களில் சிவந்தது. நடுவில் இருந்த கெட்டி அப்படியே இருந்தது. கடைசியாக எடுத்த துண்டில் தடவினாள். சுண்ணாம்பு வெள்ளையாகக் கிடந்தது. மஞ்சள் மஞ்சளாகவே கிடந்தது. அழுத்தித் தேய்த்தாள். சிவக்கவில்லை.

அதை எட்ட நின்றே தூக்கிக் காட்டினாள். முருகம்மாள் தன் நல்ல கண்ணால் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு கோணியது.

"எய்யா சங்கரா," என்றாள். "நான்லாட்டி இதச் செஞ்சேன்."

"அழ நேரமில்ல மதினி. எந்திரிங்க." தங்கத்தாய் கையை மறுபடியும் சோப்புப் போட்டுக் கழுவினாள். அவளுக்கு முருகம்மாள் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காலையில் வேலைக்குப் போன தன் கால்கள் மேல்தான் வந்தது.

வேல்சாமிக்குச் சொல்லிவிடக்கூட நிற்கவில்லை. முருகம்மாள் முன்னால் நடந்தாள். கடைத்தெருவில் வண்டியையும் ஆளையும் விலக்கிக்கொண்டு, "தள்ளுங்கய்யா, பிள்ளைக்குக் கண்ணு," என்று கத்திக்கொண்டே போனாள். அந்த வெள்ளைக் கண்ணைப் பார்த்தவர்கள் கேட்காமலே ஒதுங்கினார்கள். தங்கத்தாய் பிள்ளையின் முகத்துக்கு வெயில் படாமல் முந்தானையை இழுத்துவிட்டுப் பின்னால் ஓடினாள். கண்ணைத் துணியால் கட்டிவிடவில்லை. கட்டினால் சீழ் உள்ளேயே நிற்கும் என்று அவளுக்குத் தோன்றியது, அது சரிதான்.

டாக்டர் வாசலில் பாதிப் பேர் போன தடவை சிரித்தவர்கள். ஒருவன் வாயைத் திறந்தான். முருகம்மாள் திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டான்.

"மறுபடியும் நீயா? இப்ப என்ன?" என்று நிமிர்ந்தார் டாக்டர்.

தங்கத்தாய் மடியில் காகிதத்தில் பொதிந்து வைத்திருந்த இரண்டு வெள்ளைத் துண்டுகளை எடுத்து மேஜையில் விரித்தாள். "இது மஞ்சத்துணிக்குப் பெறகு மொதல்ல எடுத்தது. சுண்ணாம்புல ஓரம் செவந்திட்டு. இது வெள்ளத்துணில நான் சுத்தமாத் தொடச்ச பெறகு ஊறி வந்தது. செவக்க மாட்டேங்கு."

டாக்டர் இரண்டையும் பார்த்தார். சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கையைக் கழுவினார். "சுண்ணாம்பு பட்ட கை பிள்ளை மேலே பட்டுதா?"

"இல்லய்யா. மூலையில வச்சுத்தான் பாத்தேன். கழுவிட்டேன்."

பிள்ளையை முருகம்மாள் மடியில் படுக்கவைத்து, தலையை இரண்டு கையாலும் பிடிக்கச் சொன்னார். சீழைத் துடைத்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். மேல் இமையைத் தூக்கினார். டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. ஒரு மனிதன் இவ்வளவு நேரம் பேசாமல் இருப்பான் என்று தங்கத்தாய் எதிர்பார்க்கவில்லை. அந்த நீளமான வாய் இப்போது ஏதாவது ஏசட்டும், ஊரே சிரிக்கட்டும், சாம்பார் என்று சொல்லட்டும் என்று அவள் மனசுக்குள் கும்பிட்டாள். பக்கத்தில் முருகம்மாள் கோமதி அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வைப்பதாக முணுமுணுத்தாள். ஒரு ஜோடி என்று ஆரம்பித்து, டாக்டர் நிமிராமல் இருக்க இருக்க, இரண்டு, மூன்று என்று ஏறிக்கொண்டே போனாள்.

"கருவிழி இப்போதைக்குத் தெளிவா இருக்கு," என்றார் டாக்டர். "ஆனா சீழ் நிறைய. முதலில் வந்தது தண்ணிக் கண்வலி. அதில் நோவு எடுத்த கண்ணுக்கு அழுக்குத் துணி வேற கிருமியைக் கொண்டு வந்து சேர்த்திருக்கு. மூக்கையும் அதே துணியால்தானே துடைச்சீங்க?"

முருகம்மாள் தலையைக் குனிந்தாள். "ஆமாய்யா."

"மூக்கில் இருக்கிறது கண்ணுக்குப் போச்சு. இதுக்கு மருந்து இருக்கு. முதல் தடவை கொண்டு வந்தீங்களே, அதுக்கு இல்லை. ரெண்டுக்கும் வித்தியாசம் அதுதான்." அவர் ஒரு சின்னக் குழாயைத் திறந்தார். பென்சிலின் களிம்பு. கீழ் இமையை இழுத்து, குழாயின் முனை கண்ணில் படாமல், அரிசி நீளத்துக்கு உள்ளே வைத்தார். எப்படி வைப்பது என்று தங்கத்தாயை வைக்கச் சொல்லிப் பார்த்தார். "முதலில் சீழைத் துடைக்கணும், அப்புறம் களிம்பு. சீழ் மேலே மருந்து போட்டால் அது சீழுக்குப் போட்ட மருந்து. தினம் கொண்டு வா. கருவிழியில் கடுகளவு வெள்ளை தெரிஞ்சாலும் அந்த நிமிஷமே மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். நான் இங்கே வைச்சுப் பார்க்க மாட்டேன்."

"பார்வ தப்பிருமாய்யா?"

"இன்னைக்குச் சொல்ல மாட்டேன்."

சாயங்காலம் வந்த வேல்சாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கிணற்றடியில் வெகுநேரம் குளித்தான். வத்தல் வாடையோடு பிள்ளையின் பக்கத்தில் வர அவனுக்குப் பயமாக இருந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். கெடுவதற்கு முன்பே கும்பிட வைத்தாளே தங்கத்தாய் என்று அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. மறுநாள் மண்டியில் யாரோ சாம்பார் என்று ஆரம்பித்தபோது தராசுக் கல்லைக் கீழே போட்டுவிட்டு அவன் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு மண்டியை விட்டே போய்விட்டது.

தங்கத்தாய் மண்டிக்குப் போகவில்லை. துணி வேகவைப்பதும், கை கழுவுவதும், துடைப்பதும், களிம்பு வைப்பதும்தான் வேலை. துடைத்த துண்டுகளை அடுப்பில் போட்டாள். ஒவ்வொரு முறை இமையைத் திறக்கும்போதும் கருவிழியில் ஜன்னல் வெளிச்சம் ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். உயிர் ஒருமுறை போய்விட்டு வரும். பிள்ளையின் தலையைத் திருப்பினால் புள்ளியும் நகரும். வெளிச்சம்தான். அடுத்த முறையும் அதே பயம். அவளுக்கும் கண் சிவந்தது. அழுது சிவந்ததா, ஒட்டிக்கொண்டதா என்று பார்க்கக்கூட நேரமில்லை. அதற்கப்புறம் பிள்ளையைத் தொடுகிற ஒவ்வொரு முறையும் கையை இரண்டு தடவை கழுவினாள்.

முருகம்மாள் தண்ணீர் எடுத்தாள், விறகு உடைத்தாள், சோறு பொங்கினாள். பிள்ளையின் முகத்தை மட்டும் தொடவில்லை. ஒருநாள் தங்கத்தாய், "மதினி, கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்து ஒரு மட்டம் தொடைங்க. எனக்குக் கை வலிக்கி," என்றாள். கை வலிக்கவில்லை. முருகம்மாள் முழங்கை வரைக்கும் கழுவிவிட்டு வந்து, மூக்கோரத்திலிருந்து மெதுவாக இழுத்தாள். துண்டைத் திருப்பிப் பார்த்தாள். வெறும் ஈரம். துண்டை அடுப்பில் போடாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

சீழ் நின்று சில நாள் கழித்து டாக்டர் கடைசியாக ஒருமுறை பார்த்தார். விளக்கு, பூதக்கண்ணாடி, எல்லாம் முடிந்தது. பிறகு கோமுவின் வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் மறைத்தார். பிள்ளை சும்மா இருந்தது. அடுத்து இடது கண்ணை மறைத்தார். ஒரு கண்ணில் மட்டும்தான் பார்வை இருந்தால், அந்தக் கண்ணை மூடும்போது பிள்ளை கையைத் தட்டிவிட்டு அழும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். முருகம்மாள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

கோமு அழவில்லை. வலது கண்ணால் டாக்டரை ஒருமுறை முறைத்தாள். பிறகு கையை நீட்டி அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கினாள்.

"நல்லாத் தெரியுது, திருடிக்கு," என்றார் டாக்டர். கண்ணாடியைத் திருப்பி வாங்கிக்கொள்ள மறந்து அவர் தங்கத்தாயைப் பார்த்தார். "ஏம்மா, அன்னைக்கு அத்தனை பேர் முன்னாலே உன்னை ஏசினேன். அதுக்கப்புறம் நீ இந்தப் படியே ஏற மாட்டேன்னு நினைச்சேன். எப்படி வந்தே?"

தங்கத்தாய் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க ஏசுனது என்னைய. கண்ணு அவளுதுல்லாய்யா," என்றாள்.